ட்யூனிங் செய்து வைக்காதீர்கள்: பழைய பியானோ வாங்குவதற்கு முன்

பழைய பியானோ ஒன்றைப் பார்க்க வருவதாக விற்பவரிடம் போனில் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். "எங்களுக்காக ட்யூனிங் எதுவும் செய்து வைக்க வேண்டாம். இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்கிறோம்." நான் பியானோ கற்றுக்கொடுப்பவள். மாணவர்களின் பெற்றோர் பியானோ பார்க்கப் போகும்போது என்னைத் துணைக்கு அழைப்பார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சுருதி கலைந்த பியானோவைப் போய்ப் பார்ப்பானேன் என்று அவர்கள் தயங்குவதும் வழக்கம்.

காரணம் இருக்கிறது. முந்தின நாள் ட்யூனர் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போன பியானோ, உள்ளே எவ்வளவு கெட்டிருந்தாலும், மறுநாள் ஓரளவு இனிமையாகவே ஒலிக்கும். பிடிப்பு விட்டுப்போன பின்கூட ஒன்றிரண்டு நாள் தாங்கிவிடும். சில வருடங்களாக யாரும் கை வைக்காத பியானோவில் அப்படி எதுவும் மறையாது. எந்தக் கம்பி எவ்வளவு இறங்கியிருக்கிறது, எல்லாம் சேர்ந்து இறங்கியதா, அங்கொன்றும் இங்கொன்றுமாக இறங்கியதா என்று பார்த்தாலே அதன் உடல்நிலை பாதிக்கு மேல் தெரிந்துவிடும். சுருதி கலைந்திருப்பது பெரிய குறையே அல்ல. அது எப்படிக் கலைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

சென்னையில் விற்பனைக்கு வரும் பழைய நிமிர்வுப் பியானோக்கள், அதாவது சுவரோரம் நிற்கும் அப்ரைட் வகை, பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, ஜப்பானில் ஒரு வீட்டிலோ பள்ளியிலோ இருந்துவிட்டு இங்கே இறக்குமதியாகும் கறுப்புப் பளபளப்புப் பியானோ. யமஹா யு1, யு3, கவாய் போன்றவை. யு1-ன் உயரம் 121 சென்டிமீட்டர், யு3-ன் உயரம் 131 சென்டிமீட்டர். இன்னொன்று, மூன்று நான்கு தலைமுறைக்கு முன் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கப்பலில் வந்து, ஒரு குடும்பத்திலோ தேவாலயத்திலோ தங்கிவிட்ட மரப் பியானோ. செதுக்கு வேலையும், முகப்பில் மெழுகுவர்த்தி வைக்கும் பித்தளைக் கைகளும் பார்க்க அழகாக இருக்கும். வெளி மினுக்கை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது இரண்டு ரகத்துக்கும் பொருந்தும். பாலிஷ் போடுவது பியானோ வேலைகளிலேயே மிகச் சுலபமானது.

போனவுடன் உட்கார்ந்து வாசிக்க வேண்டாம். மேல்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பலகையை உள்பக்கம் இரண்டு கொக்கிகள் பிடித்திருக்கும். திருப்பினால் பலகை கழன்று வரும். பெடலுக்கு மேலே இருக்கும் கீழ்ப்பலகையை, கட்டைகளின் அடியில் இருக்கும் ஒரு பட்டை ஸ்பிரிங்கை மேலே தள்ளினால் எடுத்துவிடலாம். விற்பவரையே எடுக்கச் சொல்வதுதான் மரியாதை. எடுக்கத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வார்ப்பிரும்புச் சட்டமும், அதில் வரிசை வரிசையாக முளைத்திருக்கும் ட்யூனிங் பின்களும், கம்பிகளும் சுத்தியல்களும் கண்ணுக்குத் தெரியும். சட்டத்திலோ அதை ஒட்டியோ தயாரிப்பு எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டால் எந்த வருடம் செய்தது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். யமஹா, கவாய் போன்ற நிறுவனங்களின் எண் வரிசைகள் பொதுவில் கிடைக்கின்றன. சில ட்யூனர்கள் வந்துபோன தேதியைப் பென்சிலால் உள்ளே எழுதி வைப்பார்கள். அப்படி ஏதாவது தென்பட்டால் அது விற்பவரின் ஞாபகத்தைவிட நம்பகமானது.

ஒரு பியானோவில் 88 கட்டைகள். கம்பிகளோ ஏறத்தாழ 220. அடித்தளத்துச் சுரங்களுக்கு மட்டும் செம்பு சுற்றிய ஒற்றைக் கம்பி, அதற்கு மேல் இரண்டு, நடுவிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று. ஒவ்வொரு கம்பியும் 70 கிலோ அளவுக்கு இழுத்து நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 15 டன்னைத் தாண்டும். இந்த இழுப்பைச் சுமப்பது வார்ப்பிரும்புச் சட்டம். ஆனால் ஒவ்வொரு கம்பியையும் அதன் சுருதியில் நிறுத்தி வைப்பது, 7 மில்லிமீட்டர் பருமனுள்ள ஓர் எஃகுப் பின். அது மரத்துக்குள் திருகாணி மாதிரி மரையிட்டு உட்காரவில்லை; வீணையின் பிருடை போல வெறும் உராய்வில்தான் நிற்கிறது. அந்த மரம் பின் பிளாக் எனப்படும். கடின மரப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. முழுச் சட்டமுள்ள பியானோக்களில் இது இரும்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் நேராகப் பார்க்க முடியாது. அதனால்தான் கம்பிகளின் சுருதியை வைத்து அதன் நிலையை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இனி போனை எடுங்கள். இலவச ட்யூனர் செயலி எதுவானாலும் போதும். நடு சி-க்கு மேலே வரும் ஏ கட்டையை அழுத்துங்கள். திரையில் A4 என்றும் அதன் அதிர்வெண்ணும் வரும். சரியான அளவு 440 ஹெர்ட்ஸ். அதற்கு ஓர் எட்டு சுரம் கீழே உள்ள ஏ 220, மேலே உள்ளது 880. செயலி சென்ட் கணக்கிலும் காட்டும். ஒரு சுரத்துக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் சென்ட். இந்த அளவையை நடுவில் உள்ள மூன்று நான்கு எட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடியிலும் உச்சியிலும் செயலிகள் தடுமாறும். அங்கே நல்ல ட்யூனர்கள் வேண்டுமென்றே கணக்கிலிருந்து கொஞ்சம் விலகிச் சேர்ப்பதும் உண்டு.

அடுத்து, நடுவிலிருந்து மேலே ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, மூன்று நான்கு விநாடி பிடித்துக் கேளுங்கள். மூன்று கம்பியும் ஒரே சுருதியில் இருந்தால் ஒலி நேராக நிற்கும். ஒன்று விலகியிருந்தால் ஒலி அலை அலையாக நடுங்கும். அதிகமாக விலகியிருந்தால் நடுக்கம் வேகமாகி, ஒரு கட்டையில் இரண்டு சுரம் கேட்பது போலவே இருக்கும். இதைக் கேட்க இசைப் பயிற்சி தேவையில்லை. நடுங்கும் கட்டைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள்.

இந்தச் சோதனையில் மூன்று விதமான முடிவுகள் வரலாம்.

முதல் வகையில் எல்லா ஏ-க்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கியிருக்கும். ஒவ்வொரு கட்டைக்குள்ளும் பெரிய நடுக்கம் இருக்காது. இது கவனிக்கப்படாத பியானோ, ஆனால் ஆரோக்கியமானது. கம்பிகள் காலப்போக்கில் நீள்கின்றன, பருவங்கள் மாறிமாறி வருகின்றன, யாரும் ட்யூன் செய்யவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இரண்டாவது வகையில், அடித்தளம் அப்படியே இருக்க நடுப்பகுதி மட்டும் ஏறியோ இறங்கியோ இருக்கும். குறிப்பாக, செம்பு சுற்றிய கம்பிகள் முடிந்து சாதாரணக் கம்பிகள் தொடங்கும் இடத்துக்கு அருகில் விலகல் அதிகமாகத் தெரியும். இது சவுண்ட்போர்டின் வேலை. கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய ஸ்ப்ரூஸ் மரப்பலகை காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும்போது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜை முன்னுக்குத் தள்ளும். கம்பி இறுகும், சுருதி ஏறும். உலர்ந்தால் நேர்மாறாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் பார்க்கும் பியானோவில் நடு எட்டு ஏறியிருந்தால் அது கோளாறல்ல. அந்த அறையில் ஈரம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கான தகவல்.

மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது. ஒரே கட்டையின் மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் தனியாகத் தொய்ந்திருக்கும். பக்கத்துக் கட்டையிலும் ஒன்று. அதற்கப்புறம் இரண்டு கட்டை நன்றாக இருக்கும், மறுபடி ஒன்று தொய்ந்திருக்கும். ஈரமோ வெப்பமோ இப்படித் தனித்தனியாக ஆளைப் பொறுக்கி எடுக்காது. மூன்று கம்பியையும் சேர்த்துத்தான் நகர்த்தும். ஒரு கம்பி மட்டும் தனியாக இறங்கியிருந்தால், முன்பு ட்யூன் செய்தவர் பின்னைச் சரியாக நிலைநிறுத்தாமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பின் மரத்தில் பிடிப்பை இழந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் முதல் காரணமாக இருக்கலாம். ஒரே பகுதியில் பத்துப் பன்னிரண்டு என்றால் அந்த இடத்தில் பின் பிளாக் பிளந்திருக்கவோ, பலகைகள் ஒட்டு விட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம்.

தாளில் குறித்த கட்டைகளின் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பியானோவில் பின்னைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி சீராக இருக்கும். சில பின்களில் மட்டும் சுருள் சட்டத்தைத் தொடும்படி இருந்தால், பிடிப்பு போனதால் யாரோ அவற்றைச் சுத்தியால் அடித்து உள்ளே இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழுப்பேறிய பின்களுக்கு நடுவே சில மட்டும் பளபளவென்று, கொஞ்சம் பருமனாக இருந்தால் அவை மாற்றப்பட்டவை. பின்னைச் சுற்றி ஒழுகிக் காய்ந்த கறை இருந்தால் ஏதோ திரவம் ஊற்றிப் பிடிப்பை ஏற்படுத்த முயன்றிருக்கிறார்கள். இதெல்லாம் செய்திருப்பதே குற்றமல்ல. பருமனான பின் போடுவது முறையான வைத்தியம்தான். மெல்லிய சூப்பர் க்ளூவைப் பின்னின் அடியில் விட்டு மரத்தை இறுக்குவதையும் அனுபவமுள்ளவர்கள் செய்கிறார்கள். அது பல பியானோக்களுக்குச் சில வருட ஆயுளைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனால் பிளந்த பலகையை எந்தப் பசையும் மீட்காது. பின் பிளாக்கையே மாற்றுவதென்றால் எல்லாக் கம்பிகளையும் கழற்றி, சட்டத்தைத் தூக்க வேண்டும். ஒரு சாதாரண அப்ரைட் பியானோவுக்கு அந்தச் செலவு அதன் விலையையே தாண்டிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. துருவுக்கென்று பின்களிலும் கம்பிகளிலும் ஸ்ப்ரே எண்ணெய் அடித்து வைக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உராய்வை நம்பி நிற்கும் பின்னுக்கு எண்ணெய்தான் விஷம். அது மரத்துக்குள் இறங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. பின்களைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அந்தப் பியானோ வேண்டாம்.

சவுண்ட்போர்டைப் பார்க்கப் பியானோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்த வேண்டும். முதுகுப்பக்கம் தடித்த தூண்களுக்கு நடுவே பலகை தெரியும். அதன் குறுக்கே சாய்வாக ஒட்டியிருக்கும் மரச்சட்டங்கள்தான் ரிப். பலகையில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தால் பலரும் உடனே எழுந்து வந்துவிடுகிறார்கள். அது அவசரம். ஈரத்தில் உப்பியும் ஏசியில் உலர்ந்தும் மாறிமாறி வதைபடும் மரம் எங்காவது பிளக்கும். பிளந்த பலகையோடு பல வருடம் நன்றாக ஒலிக்கும் பியானோக்கள் உண்டு. பார்க்க வேண்டியது, விரிசல் கடக்கும் இடத்தில் ரிப் பலகையோடு ஒட்டியிருக்கிறதா என்பதை. ஒரு மெல்லிய விசிட்டிங் கார்டு அந்த இடுக்கில் நுழைந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. அப்படி விட்ட இடம் குறிப்பிட்ட சுரங்களில் கரகரவென்று அதிரும். ஒருவர் ஒவ்வொரு கட்டையாக ஓங்கி வாசிக்க, இன்னொருவர் பின்னால் நின்று கேட்க வேண்டும். கரகரப்புக் கேட்டால் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் பலகை. நிற்காவிட்டால் உள்ளே விழுந்த நாணயமோ, மேலே வைத்த போட்டோ சட்டமோ, அறையின் ஜன்னல் கண்ணாடியோகூடக் காரணமாக இருக்கலாம்.

சவுண்ட்போர்டு தட்டையான பலகை அல்ல. கம்பிகளின் பக்கம் மிக லேசாகப் புடைத்திருக்கும். இதைப் பார்க்க ஒரு நூல் போதும். முதுகுப்பக்கத்தில் நீளமான ஒரு ரிப்பின் மேல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் ரிப்புக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தால் வளைவு இருக்கிறது. தெரியாவிட்டால் அதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்; கேட்டுப் பாருங்கள். நடு சி-க்கு மேலே இரண்டாவது எட்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் ஒலி பூத்து மெல்லத் தேய வேண்டும். டக் என்று தட்டிய ஓசையோடு அடங்கினால் பலகை சோர்ந்துவிட்டது. பிரிட்ஜையும் மறக்காதீர்கள். கீழ்ப்பலகையை எடுத்த இடத்தில் டார்ச் அடித்தால், கம்பிகள் பிரிட்ஜின் சிறு ஆணிகளை ஒட்டி வளைந்து போவது தெரியும். ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு விரிசல் ஓடியிருந்தால் அங்கே சுருதியும் நிற்காது, ஒலியும் சுத்தமாக இருக்காது.

ஆக்ஷன் என்று சொல்லப்படும் இயக்கப் பகுதிதான் பார்ப்பவரை மிரட்டும். ஒரு கட்டைக்குப் பல டஜன் உறுப்புகள். ஆனால் இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்தி, அதன் சுத்தியலைப் பாருங்கள். அது கம்பியை நோக்கி நகர்ந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரத்தில் தானாகப் பிடி விட்டுப் பின்வாங்க வேண்டும். கம்பி மேல் போய் அழுந்தி நின்றாலோ, வெகு முன்பாகவே விலகினாலோ சீரமைப்பு தேவை. ஒரு நாள் இரண்டு நாள் வேலை, அவ்வளவே.

ஈரக் காற்றுள்ள ஊர்களில் அடிக்கடி பார்ப்பது, அழுத்திய கட்டை மேலே வராமல் மந்தமாக நிற்பது. அப்போது கட்டையை விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். கட்டை சுலபமாக வந்து, சுத்தியல் மட்டும் முன்னாலேயே தங்கினால் சுத்தியலின் அச்சில் உள்ள ஃபெல்ட் உப்பியோ, அச்சு ஊசி களிம்பு பிடித்தோ இருக்கிறது. கட்டையே சிக்கினால் கட்டை ஓட்டையின் துணி உப்பியிருக்கிறது. அது சின்ன வேலை. ஐந்து கட்டை மந்தமானால் ட்யூனர் அன்றைக்கே சரிசெய்துவிடுவார். ஐம்பது கட்டை மந்தமானால் அத்தனை அச்சையும் கழற்றி மாற்ற வேண்டும்; அது பெரிய பில்.

சுத்தியல் நுனி ஃபெல்ட்டில் கம்பி பதிந்த பள்ளங்கள் இருக்கும். மேலோட்டமாக இருந்தால் தேய்த்துச் சீவிவிடலாம். உச்சிச் சுத்தியல்களில் ஃபெல்ட் தேய்ந்து மரம் எட்டிப் பார்த்தால் புதுச் சுத்தியல்தான். ஒவ்வொரு சுத்தியலோடும் கட்டியிருக்கும் வெள்ளை நாடா கையால் தொட்டாலே உதிர்ந்தால், பொருள் செலவு குறைவு, கூலி 88 மடங்கு. கீழே தரையில் மரத்தூள், எலிப்புழுக்கை, பூச்சி அரித்த ஃபெல்ட் துணுக்கு இவற்றைத் தேடுங்கள். கரையான் மண் தெரிந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

பெடலுக்கு ஒரே சோதனை போதும். வலது பெடலை மிதித்துக் கொண்டு நாலைந்து கட்டைகளை வாசித்து, பெடலை விடுங்கள். எல்லா ஒலியும் ஒன்றாக நிற்க வேண்டும்.

இந்த முறையில் பார்த்த ஒரு பியானோவைச் சொல்கிறேன். மாணவி ஒருத்தியின் வீட்டாருக்காகப் பார்த்தது. அண்ணா நகரில் ஒரு குடியிருப்பில் இருந்தது. ஜப்பானியப் பியானோ, 121 சென்டிமீட்டர், எண்ணைப் பார்த்தால் எண்பதுகளின் தொடக்கம். மகள் வெளிநாடு போன பிறகு யாரும் தொடவில்லை என்றார் அந்த அம்மா. நடு ஏ 433 ஹெர்ட்ஸ் காட்டியது. அதாவது 28 சென்ட் குறைவு. கீழ் ஏ 217, மேல் ஏ 865. மூன்றையும் சென்ட்டாக்கினால் 24, 28, 30. ஏறக்குறைய சமமான இறக்கம். நல்ல அறிகுறி. ஆனால் மேல் எட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் மூன்றில் தலா ஒரு கம்பி மிகவும் தொய்ந்திருந்தது. டார்ச் அடித்ததில் அந்த மூன்று பின்னின் சுருளும் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. யாரோ அடித்து இறக்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை ட்யூனரோடு போனோம். அவர் பின்னில் சாவியை மாட்டி, சுருதி இறங்கும் திசையில் மெல்லத் தளர்த்திப் பார்ப்பார். நல்ல பின் அந்தத் திசையிலும் எதிர்ப்புக் காட்டும். கெட்டது கம்பியின் இழுப்புக்குத் தானாகவே வழுகிப் போகும். நாற்பது ஐம்பது பின்களைப் பார்த்துவிட்டு, "மிஸ், மத்ததெல்லாம் கல்லு மாதிரி நிக்குது. இந்த மூணுல ரெண்டு சுமார். ஒண்ணு சும்மா சுத்துது" என்றார். "பக்கத்துப் பின் எல்லாம் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் டைட். பிளந்திருந்தா அந்த வரிசையே ஆடும்" என்றார். அதுதான் தெரிய வேண்டியிருந்தது. மூன்று பின் மூன்று பின்னாகவே நின்றால் வைத்தியம் உண்டு.

விற்பவரிடம் ஓர் ஏற்பாடு பேசினோம். ட்யூனிங் செலவு வாங்குபவருடையது; மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து பார்த்துத்தான் முடிவு. அந்த அம்மா ஒப்புக்கொண்டார். 28 சென்ட் இறங்கிய பியானோவை ஒரே மூச்சில் 440-க்கு ஏற்றி நிறுத்த முடியாது. இடது பக்கம் ஏற்றிவிட்டு வலது பக்கம் வருவதற்குள், கூடிய இழுப்பு சவுண்ட்போர்டை அழுத்தி முதலில் ஏற்றியவற்றை இறக்கிவிடும். ஆகவே முதலில் வேகமாக ஒரு சுற்று ஏற்றிவிட்டு, அடுத்து நுணுக்கமாக ஒரு சுற்று. அப்படியும் சில வாரத்தில் கொஞ்சம் இறங்கும். மூன்று வாரம் கழித்து நடு ஏ 438 காட்டியது. 8 சென்ட் இறக்கம். மற்ற ஏ-க்களும் அதே அளவில் இறங்கியிருந்தன. கட்டைகளுக்குள் நடுக்கம் பெரிதாக இல்லை. இது எதிர்பார்த்ததுதான், இன்னொரு ட்யூனிங்கில் நிலைத்துவிடும். அந்த மூன்று பின்களில் இரண்டு தாங்கியிருந்தன. ஒன்று மட்டும் பழையபடி தொய்ந்துவிட்டது. அதற்குப் பருமனான பின் போடுவதென்று முடிவாகி, அந்தச் செலவையும் அடுத்த ட்யூனிங்கையும் விலையில் கழித்து வாங்கினார்கள்.

அதே குடும்பம் அதற்கு முன் ஆசைப்பட்டது ஒரு பழைய ஆங்கிலப் பியானோவுக்கு. வால்நட் மரம், மெழுகுவர்த்திக் கைகள், விலையும் பாதி. நடு ஏ 415 காட்டியது. ஒரு முழுக் கட்டை இறக்கம். அதோடு விட்டிருந்தால் யோசித்திருக்கலாம். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டையிலும் மூன்று கம்பி மூன்று விதமாக ஒலித்தது. அதில் சட்டம் பின் பிளாக்கை மூடாத பழைய அமைப்பு. மரம் நேராகக் கண்ணில் பட்டது. பின்னுக்குப் பின் மயிரிழை விரிசல்கள். சுத்தியலுக்கு மேலே டேம்பர்கள் கம்பிக் கூண்டுக்குள் இருப்பது போன்ற அமைப்பு வேறு. அதில் டேம்பர் கம்பியின் மேல்முனைக்கு அருகே படுவதால் ஒலி சுத்தமாக நிற்காது. ட்யூனருக்கும் உள்ளே கை விடச் சிரமம். துருப்பிடித்த கம்பிகளை ஒரு முழுக் கட்டை ஏற்ற முயன்றால் சில அறுந்தும் போகும். அழகான அறைகலனாக அதை யாராவது வாங்கலாம். பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு அது உதவாது. 440-ல் நிற்காத பியானோவோடு வயலினோ புல்லாங்குழலோ சேர்ந்து வாசிக்கவும் முடியாது.

கடையில் வாங்கும்போது நிலைமை வேறு. அங்கே எல்லாப் பியானோவும் ட்யூன் செய்துதான் நிற்கும். அதைக் குறை சொல்ல முடியாது. அங்கே கடைசி ட்யூனிங் எப்போது என்று கேட்டு, அன்றே அளந்து எழுதிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி போய் அளந்து பாருங்கள். நடுவில் ட்யூன் செய்ய வேண்டாம் என்று சொல்லி வைக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் முதல் ட்யூனிங்கை வந்த அன்றே செய்யாமல், மரம் உங்கள் அறைக் காற்றுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். பின்கள் பிடிக்கவில்லை என்று அப்போது தெரிந்தால் என்ன தீர்வு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எங்கே பேரம் பேசலாம், எங்கே எழுந்து வந்துவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. சீரான சுருதி இறக்கம், தேய்ந்த சுத்தியல், மந்தமான சில கட்டைகள், கரகரக்காத சவுண்ட்போர்டு விரிசல், தளர்ந்த இரண்டு மூன்று பின்கள், இவை பேரத்துக்கானவை. வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசல், ஒரு பகுதி முழுக்கப் பிடிக்காத பின்கள், எண்ணெய் இறங்கிய பின் பிளாக், கரையான், இவற்றில் ஒன்று இருந்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். தூக்கிவரும் கூலியே வீண். நடுவில் உள்ள எதுவானாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ட்யூனரை அழைத்துப் போய் ஐம்பது பின்களிலாவது சாவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவருக்குத் தெரிந்த ட்யூனராக இல்லாமல், நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்கட்டும்.